நெட் சுத்துது: தப்பு வைஃபையிலா, லைனிலா?

இரவு எட்டரை மணிக்கு நெட் சுத்த ஆரம்பித்தால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். முதலில் ரூட்டரை அணைத்துப் போடுவோம். அதற்கும் சரியாகாவிட்டால் கஸ்டமர் கேருக்குப் போன் செய்வோம். எதிர்முனையில் இருப்பவர், "சார், எங்க சைடுல லைன் கிளியரா இருக்கு, உங்க வைஃபைலதான் பிரச்சினை" என்பார். மறுநாள் வரும் லைன்மேன் தன் மொபைலை ரூட்டருக்குப் பக்கத்தில் பிடித்து ஸ்பீட் டெஸ்ட் போட்டு, "பாருங்க, ஃபுல் ஸ்பீடு வருது" என்று காட்டிவிட்டுக் கிளம்புவார். அவர் தெருமுனை தாண்டுவதற்குள் படுக்கையறையில் மறுபடி வட்டம் சுற்றும். இந்த இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அளக்க வேண்டியதை இன்னும் யாரும் அளக்கவில்லை.

நம் கைக்கு வரும் இணையம் இரண்டு வழிகளைக் கடந்து வருகிறது. நிறுவனத்தின் நிலையத்திலிருந்து தெருக்கம்பம் வழியாக நம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் பெட்டி வரை ஒரு வழி. அதைத்தான் லைன் என்கிறோம். அந்தப் பெட்டியிலிருந்து மொபைல் வரை காற்றில் போவது இன்னொரு வழி, வைஃபை. மொபைலில் போடும் ஸ்பீட் டெஸ்ட் இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. திரையில் 14 எம்பிபிஎஸ் என்று வந்தால், தடை எந்த வழியில் என்பது அந்த எண்ணில் தெரியாது. வீட்டுக் குழாயில் தண்ணீர் ஒழுகலாக வந்தால் பிளம்பர் முதலில் வாசலில் மீட்டர் பக்கத்துக் குழாயைத் திறந்து பார்ப்பார். இங்கே அந்த வேலையைச் செய்வது ஒரு லேன் கேபிள். காற்றுவழியை விலக்கிவிட்டுப் பெட்டி வரை என்ன வருகிறது என்பதை மட்டும் அது காட்டிவிடும்.

இவ்வளவுதான் விஷயம் என்றால் கட்டுரையை இங்கேயே முடித்துவிடலாம். கேபிள் சோதனையும் தப்பான பதில் சொல்லும் என்பதால்தான் மேலே எழுத வேண்டியிருக்கிறது.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வீட்டில் 200 எம்பிபிஎஸ் திட்டம். ஹாலில் டிவிக்குப் பின்னால் ரூட்டர். பின்பக்கப் படுக்கையறையில் பேரன் ஆன்லைன் வகுப்பில் உட்கார்ந்தால் படம் உறைந்து நிற்கும். மொபைலில் டெஸ்ட் போட்டால் 14 வரும். யாரோ சொன்னதைக் கேட்டுப் பழைய லேன் கேபிள் ஒன்றைத் தேடி எடுத்து லேப்டாப்பில் சொருகிப் பார்த்திருக்கிறார். 94 வந்தது. "பாத்தீங்களா தம்பி, காசு வாங்குறது இருநூறுக்கு, குடுக்குறது பாதிகூட இல்ல" என்று கொதித்துக்கொண்டிருந்தார். நிறுவனத்துக்குக் காட்டமாக ஒரு மின்னஞ்சலும் எழுதி வைத்திருந்தார். அதை அனுப்ப வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் அந்த 94 என்ற எண்தான்.

லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள் இருக்கும். இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடிகள்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு. நொடிக்கு 1000 மெகாபிட் வேகத்தில் இணைய வேண்டும் என்றால் எட்டுக் கம்பியும் தேவை. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். கேபிளைச் சொருகியதும் லேப்டாப்பும் ரூட்டரும் தங்களுக்குள் பேசி ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். ஒரு கம்பி உள்ளே அறுந்திருந்தாலோ, முனையில் கிரிம்ப் சரியாக விழாமல் இருந்தாலோ, பெரும்பாலும் இரண்டும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. நெட் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த 100-லும் தரவுப் பொட்டலங்களின் உறைக்குச் சிறிது போய்விடுவதால், டெஸ்டில் மிஞ்சுவது 94 அல்லது 95. அதனால் 100-க்கு மேற்பட்ட திட்டம் வைத்திருப்பவர்கள் கேபிளில் சோதித்து 93, 94, 95 என்று வந்தால் லைனைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். லைனில் நெரிசல் என்றால் எண் ஒருமுறை 70, ஒருமுறை 120 என்று அலையும். ஒவ்வொரு முறையும் 94-லேயே வந்து முட்டினால் அது நெரிசலின் குணம் அல்ல, 100-இல் கட்டிய இணைப்பின் குணம்.

இதை ஊகிக்கவும் வேண்டாம், விண்டோஸே சொல்லிவிடும். Settings, Network & internet, Ethernet என்று போனால் Link speed (Receive/Transmit) என்று ஒரு வரி இருக்கும். அதில் 1000/1000 (Mbps) என்று இருந்தால் கேபிள் சுத்தம். 100/100 என்று இருந்தால் நீங்கள் எடுக்கும் எந்த அளவும் லைனைப் பற்றிய செய்தி அல்ல. ஆசிரியர் வீட்டு லேப்டாப்பில் 100/100 என்றுதான் இருந்தது.

கேபிளை மாற்றினால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 100-க்கு இறக்கிவிடக்கூடிய இடங்கள் இன்னும் இருக்கின்றன. ஃபைபர் இணைப்போடு வரும் பெட்டிகளில் சிலவற்றில் பின்னால் நான்கு லேன் துளைகள் இருந்தாலும், ஒன்று மட்டுமே 1000 மெகாபிட் துளை. மற்ற மூன்றும் 100 மட்டும். பார்க்க நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் முதல் துளையில் சொருகிப் பார்க்க வேண்டும், பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளையும் படிக்க வேண்டும். பழைய லேப்டாப் சிலவற்றின் லேன் துளையே 100-தான். லேன் துளை இல்லாத மெல்லிய லேப்டாப்புக்கு வாங்கும் யுஎஸ்பி அடாப்டரில் விலை குறைந்தவை பல 100-க்கு மேல் போகாது. பெட்டியில் கிகாபிட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்மார்ட் டிவியில் லேன் துளை இருக்கிறதே, அதிலேயே சோதிக்கலாமே என்று தோன்றும். பெரும்பாலான டிவிகளில் அந்தத் துளையும் 100 மெகாபிட்தான். உங்கள் திட்டம் 50 அல்லது 100 எம்பிபிஎஸ் என்றால் இந்தக் கவலையே வேண்டாம், எந்தத் துளையும் போதும்.

கம்ப்யூட்டர் கடையில் முனைகள் ஆலையிலேயே வார்த்து வந்த கேட் 6 கேபிள் ஒன்று, இரண்டு மீட்டர் நீளத்தில், வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கடைக்காரர் கையால் கிரிம்ப் செய்து தருவதை இந்தச் சோதனைக்கு நான் நம்பமாட்டேன். நீளம் அதிகமானால் வேகம் குறையுமோ என்று சிலர் கேட்பார்கள். 100 மீட்டர் வரை குறையாது. வீட்டுக்குள் அவ்வளவு தூரம் யாரும் இழுக்கப் போவதில்லை.

சோதனை போடுவதற்கு முன் வீட்டில் வேறு யாரும் நெட் பயன்படுத்தக் கூடாது. இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். டிவியை அணைப்பது ஞாபகம் இருக்கும். வாசல் கேமரா இரவு பகலாகப் படத்தை மேலே அனுப்பிக்கொண்டிருப்பதும், சார்ஜில் போட்ட மொபைல் நேற்றைய கல்யாண வீடியோக்களை ஏற்றிக்கொண்டிருப்பதும் ஞாபகம் இருக்காது. மேலே போகும் வழி நிரம்பினால் கீழே வரும் வழியும் திணறும். இந்தப் பக்கத்தைக் கொடு என்று கேட்கிற சின்னக் கோரிக்கையும் மேலே போய்த்தானே ஆக வேண்டும்? எனவே ரூட்டரின் வைஃபையையே ஐந்து நிமிடம் அணைத்துவிடுவது உத்தமம். எந்த மொபைலும் அப்போது இடையில் வராது. லேப்டாப்பிலும் வைஃபையை அணைத்துவிடுங்கள். கேபிள் சரியாகப் பொருந்தாமல் போனால், லேப்டாப் பேசாமல் வைஃபைக்கு மாறி அந்த வேகத்தைக் கேபிள் வேகமாகக் காட்டிவிடும். அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்த வேண்டும்.

ஆசிரியர் வீட்டில் புதுக் கேபிளை முதல் துளையில் சொருகியதும் 1000/1000 வந்தது. வைஃபையை அணைத்துவிட்டு speedtest.net-இல் போட்டோம். 196. ஒரே சர்வரை வைத்து மறுபடி போட்டோம், 194. அதோடு லைன் மீதான வழக்கு தள்ளுபடி. பிறகு கேபிளைப் பிடுங்கி, வைஃபையை உயிர்ப்பித்து, அதே லேப்டாப்பை அதே மேசையில் வைத்து 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் போட்டபோது 181. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பின்பக்கப் படுக்கையறைக்குப் போனோம். 16.

வரிசையைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியிலும் மாற்றியது ஒன்றே ஒன்று. முதலில் கேபிளுக்குப் பதில் வைஃபை, அப்புறம் இடம். கேபிளில் லேப்டாப், வைஃபையில் மொபைல் என்று சோதித்திருந்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வைஃபையால் வந்ததா, மொபைலால் வந்ததா என்று கடைசிவரை தெரியாது. ரூட்டருக்குப் பக்கத்தில் 181 வந்ததால் ரூட்டரும் அதன் வைஃபையும் நன்றாகவே இருக்கின்றன. படுக்கையறையில் 16 என்பது நடுவில் இருக்கும் இரண்டு செங்கல் சுவர்களும் சுவரோரம் நிற்கும் இரும்பு பீரோவும் செய்த வேலை.

படுக்கையறையில் லேப்டாப் எந்த அலைவரிசையில் இருக்கிறது என்று பார்க்க விண்டோஸில் ஒரு கட்டளை உண்டு.

```
netsh wlan show interfaces
```

அது தரும் பட்டியலில் Channel என்ற இடத்தில் 1 முதல் 13 வரை ஓர் எண் இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ், 36-க்கு மேல் என்றால் பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸ். ஆசிரியர் லேப்டாப் சேனல் 6-க்கு இறங்கியிருந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் சோப்ளாங்கி. 2.4 சுவரைத் தாண்டும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அடுக்குமாடியில் மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு என்று எல்லோருடைய ரூட்டரும் அந்த மூன்றைத்தான் பங்கு போடுகின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும் என்பது வைஃபையின் விதி. அதனால் நிறைய வீடுகள் சேர்ந்த இடத்தில் 2.4-இல் 10, 20 எம்பிபிஎஸ் வருவது அதிசயமே இல்லை. இதற்கு நிறுவனத்தைத் திட்டிப் பயனில்லை, 500 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறுவதும் வீண். ரூட்டரை டிவி மறைவிலிருந்து எடுத்து நடுக்கூடத்தில் உயரமாக வைக்கலாம். அதற்கு வழியில்லை என்றால் பின்னறைக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே இன்னொரு வைஃபை பெட்டி வைக்கலாம். ரிப்பீட்டர் என்று விற்பது இரண்டாம்பட்சம்தான், அது வாங்கியதையும் கொடுப்பதையும் அதே காற்றில் செய்கிறது.

வேகம் போதுமான அளவு இருந்தும் வீடியோ அழைப்பு திக்கித் திக்கி வரும் வீடுகளும் உண்டு. அங்கே ஸ்பீட் டெஸ்ட் கைகொடுக்காது. பத்து, பதினைந்து நொடிக்கான சராசரியை அது சொல்கிறது. நடுவில் அரை நொடி அறுந்ததை மறைத்துவிடுகிறது. அதற்குப் பிங் போட வேண்டும். முதலில் ipconfig என்று அடித்தால் Default Gateway என்ற வரியில் ரூட்டரின் முகவரி கிடைக்கும். பல வீடுகளில் அது 192.168.1.1. பிறகு ரூட்டரையும், வெளியே கூகுளின் ஒரு சர்வரையும் அடுத்தடுத்துக் கூப்பிட்டுப் பார்க்கலாம்.

```
ping 192.168.1.1 -n 50
ping 8.8.8.8 -n 50
```

கேபிளில் இருக்கும்போது ரூட்டரிடமிருந்து பதில் ஒரு மில்லிநொடிக்குள் வந்துவிடும். வைஃபையில் சில மில்லிநொடி ஆகலாம், அது இயல்பு. வைஃபையில் 3, 4, 180, 5, 240 என்று குதித்தாலோ, நடுநடுவே Request timed out என்று வந்தாலோ, பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. ரூட்டர் உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. அதுவரை போய்வரவே இந்தப் பாடு என்றால் அதற்கும் லைனுக்கும் சம்பந்தமில்லை. மாறாகக் கேபிளில் ரூட்டர் உடனுக்குடன் பதில் சொல்லி, 8.8.8.8 மட்டும் தாவித் தாவி வந்தால் பழி லைன் பக்கம் போகிறது.

இனி கேபிளிலேயே வேகம் குறைவாக வரும் வீட்டுக்கு வருவோம். லிங்க் ஸ்பீடு சரி, வேறு யாரும் பயன்படுத்தவில்லை, ஆனாலும் 200 திட்டத்தில் 60 வருகிறது. உடனே போனை எடுக்காமல் அதே சோதனையை விடிகாலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிவாக்கில் ஒருமுறை போட்டுக் குறித்து வைக்க வேண்டும். காலையில் 195, இரவில் 60 என்றால் லைனில் கோளாறு எதுவும் இல்லை, நெரிசல். ஜிபான் என்ற முறையில் வரும் வீட்டு ஃபைபர் இணைப்பில், நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையைத் தெருவில் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்குக்கூடக் கொடுக்கிறார்கள். அந்த இழையின் மொத்தக் கொள்ளளவு கீழ்நோக்கி நொடிக்கு ஏறக்குறைய 2.5 கிகாபிட். எல்லோரும் ஒரே நேரத்தில் படம் பார்க்கும்போது அதிலும், அதைவிட அதிகமாக நிறுவனம் வெளியிலிருந்து வாங்கும் கொள்ளளவிலும் இடம் போதாமல் போகும். லைன்மேன் வந்து சரிசெய்யும் விஷயம் அல்ல இது, நிறுவனம் காசு போட்டு விரிவாக்க வேண்டியது.

எந்த நேரத்திலும் குறைவாகவே வந்தால் கதை வேறு. முதலில் நிறுவனத்தின் செயலியில் மாத அளவு தீர்ந்துவிட்டதா என்று பாருங்கள். 'அன்லிமிடெட்' என்று விற்கும் பல திட்டங்களில் மாதத்துக்கு 3300 ஜிபி என்ற வரம்பு உண்டு. தாண்டினால் வேகம் சில எம்பிபிஎஸ்ஸாகச் சுருங்கும். அது இல்லையென்றால் ஒளியின் பலம். ஃபைபர் எங்காவது கூர்மையாக மடங்கியிருந்தாலோ, ஒட்டு சரியில்லை என்றாலோ பெட்டிக்கு வரும் ஒளி மங்கிவிடும். லைன்மேன் கையில் இருக்கும் பவர் மீட்டர் அதைக் கழித்தல் எண்ணில் காட்டும். கழித்தல் 20-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. வழக்கமான பெட்டிகளுக்குக் கழித்தல் 27 கடைசி எல்லை. அதை நெருங்கினால் இணைப்பு அடிக்கடி அறுந்து ஒட்டும், பெட்டியில் எல்ஓஎஸ் என்று எழுதியிருக்கும் விளக்கு சிவப்பாக மினுக்கும். வருபவரிடம் "பவர் எவ்வளவு காட்டுது?" என்று கேளுங்கள். கேள்வியைக் கேட்டதுமே அவர் பேசும் விதம் மாறும்.

கேபிள் சோதனைக்கும் எல்லை உண்டு. ரூட்டரின் உள்ளே இருக்கும் சிப்பே திணறினால் கேபிளிலும் வேகம் குறையும். லைன்மேல் பழி விழும். ஃபைபர் பெட்டியும் ரூட்டரும் தனித்தனியாக இருக்கும் வீடுகளில் வேறொரு ரூட்டரை மாட்டிப் பார்த்து இதைப் பிரித்துவிடலாம். இரண்டும் ஒரே பெட்டி என்றால் லைன்மேனிடம் இன்னொரு பெட்டி கேட்டு மாற்றிப் பார்ப்பதுதான் வழி. இன்னொன்று, ஸ்பீட் டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பல நேரங்களில் உங்கள் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே இருக்கும். வீட்டிலிருந்து அதுவரை வழி பளபளவென்று இருந்து, அதற்கப்பால் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போகும் வழி நெரிந்திருக்கலாம். எனவே வேறொரு நிறுவனத்தின் சர்வரையும் தேர்ந்தெடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றில் 195, மற்றொன்றில் 40 என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

புகார் கொடுக்கும்போது "நெட் ஸ்லோவா இருக்கு" என்று சொன்னால் ரூட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். "லேன் கேபிளில், லிங்க் ஸ்பீடு 1000, வைஃபை அணைத்து, வேறு கருவி எதுவும் இல்லாமல் சோதித்தேன், காலை ஆறு மணிக்கு 195, இரவு ஒன்பதுக்கு 60" என்று சொல்லிப் படங்களையும் அனுப்பினால் 'உங்க வைஃபை' என்ற பதிலுக்கு இடமில்லை. புகார் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. தீர்வு திருப்தியாக இல்லையென்றால் 30 நாளுக்குள் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.